ஃபிரான்சைஸ் கட்டணமும் ராயல்ட்டியும்: இரு தரப்பும் எந்தத் தேதியில் கணக்கில் எழுத வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தை வைத்து எழுதப்பட்டவை. ஜனவரி 1 அன்று கையெழுத்து. அன்றே நுழைவுக் கட்டணம் 12,00,000 செலுத்தப்படுகிறது, திருப்பித் தரப்படாது. கடை ஜூலை 1 அன்று திறக்கிறது. உரிமக் காலம் திறப்பு நாளிலிருந்து 10 ஆண்டுகள், அதாவது 120 மாதங்கள். மாத விற்பனையில் 5% ராயல்ட்டி. விற்பனை அறிக்கை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள், பணம் 15ஆம் தேதிக்குள். இருவருக்கும் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. தொகைகளில் வரி சேர்க்கப்படவில்லை. பெயரையும் முறையையும் தருபவரைப் பிராண்டு நிறுவனம் என்றும், வாங்கிக் கடை நடத்துபவரை ஃபிரான்சைஸ் எடுத்தவர் என்றும் சொல்கிறோம். விதிகள் சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளின்படி: பிராண்டு நிறுவனத்துக்கு ஐஎஃப்ஆர்எஸ் 15, எடுத்தவருக்கு ஐஏஎஸ் 38.

பணம் கைக்கு வந்தாயிற்று, திருப்பித் தரவும் வேண்டாம். பிறகு ஏன் அன்றைக்கே வருமானமாகக் காட்டக் கூடாது?

பணம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அதற்கு ஈடாகத் தர வேண்டியதைத் தந்தாயிற்றா என்பது வேறு கேள்வி. வருமானத்தை முடிவு செய்வது இரண்டாவதுதான். திருப்பித் தர வேண்டாம் என்ற நிபந்தனை முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது.

ஃபிரான்சைஸ் எடுத்தவர் 12,00,000 கொடுத்து வாங்கியது 10 ஆண்டுகளுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை. அந்தப் பெயரின் மதிப்பு தானாக நிற்பதில்லை. பிராண்டு நிறுவனம் விளம்பரம் செய்கிறது, பொருள் பட்டியலைப் புதுப்பிக்கிறது, தரத்தைக் கண்காணிக்கிறது. அதில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் எடுத்தவரின் கடையில் உடனே தெரியும். இப்படிப்பட்ட உரிமத்தை ஐஎஃப்ஆர்எஸ் 15 காலம் முழுவதும் அணுகும் உரிமை என்று வகைப்படுத்துகிறது. அதன் கட்டணம் காலம் ஓட ஓடத்தான் வருமானமாகும்.

கையெழுத்து நாளில் பிராண்டு நிறுவனத்தின் பதிவு:

வங்கி – பற்று 12,00,000
ஒப்பந்தப் பொறுப்பு – வரவு 12,00,000

இந்த ஒப்பந்தப் பொறுப்பைப் பல அலுவலகங்களில் முன்கூட்டிப் பெற்ற வருவாய் என்பார்கள். எந்தப் பெயரில் எழுதினாலும் அது பொறுப்புகள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

120 மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது? கையெழுத்திலிருந்தா, திறப்பிலிருந்தா?

உரிமத்தைப் பயன்படுத்திப் பலன் பெற முடிகிற நாளிலிருந்து. அதற்கு முன் ஒரு மாத வருமானம்கூட எடுக்கக் கூடாது என்று தரநிலை நேரடியாகவே சொல்கிறது. நமது ஒப்பந்தத்தில் உரிமக் காலம் திறப்பு நாளில் தொடங்குவதால் அது ஜூலை 1. ஜனவரி முதல் ஜூன் வரை 12,00,000 அசையாமல் பொறுப்பாகவே இருக்கும். ஜூலையிலிருந்து ஒவ்வொரு மாதமும்:

ஒப்பந்தப் பொறுப்பு – பற்று 10,000
ஃபிரான்சைஸ் கட்டண வருமானம் – வரவு 10,000

முதல் ஆண்டின் வருமானம் 6 மாதத்துக்கு 60,000. டிசம்பர் 31 அன்று மீதி 11,40,000. அதில் அடுத்த 12 மாதங்களில் வருமானமாகப் போகும் 1,20,000 நடப்புப் பொறுப்பு, மற்ற 10,20,000 நீண்டகாலப் பொறுப்பு. இந்தப் பிரிவைச் செய்யாமல் முழுத் தொகையையும் ஒரே வரியில் போட்டுவிடும் பழக்கம் உண்டு. அப்போது நிறுவனத்தின் குறுகியகாலக் கடன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், கடன் கொடுத்த வங்கி வைத்திருக்கும் விகித நிபந்தனைகளும் தவறாகக் கணக்கிடப்படும்.

ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படிக்காமல் எல்லாக் கடைக்கும் ஒரே தேதியைப் பிடிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. சில ஒப்பந்தங்களில் உரிமக் காலம் கையெழுத்து நாளிலேயே தொடங்கிவிடும், திறப்பு தாமதமானாலும் முடிவுத் தேதி நகராது. அப்படியென்றால் மாத எண்ணிக்கை வேறு, மாதத் தொகையும் வேறு. பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு கடைக்கும் மாதத் தொகையை மீதமுள்ள மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். நமது கடைக்கு ஆண்டிறுதியில் 10,000 பெருக்கல் 114, அதாவது 11,40,000. பேரேட்டு மீதியோடு இது பொருந்தாவிட்டால் தொடக்கத் தேதியிலோ காலத்திலோ தவறு இருக்கிறது.

கடை திறந்த அன்றே முழுக் கட்டணத்தையும் வருமானமாக எழுதலாம் என்று படித்திருக்கிறேனே?

அது அமெரிக்காவில் 1981இல் வந்த ஃபிரான்சைஸ் தரநிலையின் வழி. பிராண்டு நிறுவனம் தன் தொடக்கக் கடமைகளைப் பெரும்பாலும் முடித்துவிட்டால், வழக்கமாகக் கடை திறந்ததும், நுழைவுக் கட்டணம் முழுவதும் வருமானமாகிவிடும். பழைய பாடநூல்களில் இன்றும் அதுதான் இருக்கிறது. 2014இல் வெளியான புதிய வருமானத் தரநிலை அதை எடுத்துவிட்டது. சர்வதேசத் தரநிலையில் அது 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் மட்டும் ஒரு சலுகை உண்டு. பங்குச் சந்தையில் இல்லாத தனியார் பிராண்டு நிறுவனங்கள், இடம் தேர்வு, பயிற்சி போன்ற பட்டியலிட்ட திறப்புக்கு முந்தைய சேவைகளை உரிமத்திலிருந்து பிரித்துக் காட்டலாம் என்று 2021இல் அனுமதித்தார்கள். அந்தச் சேவைக்குரிய பங்கு முன்னதாகவே வருமானமாகும், உரிமத்துக்குரிய மீதி காலம் முழுவதும் பரவும். ஐஎஃப்ஆர்எஸ் 15இல் இந்தச் சலுகை இல்லை.

கட்டணத்துக்குள் பயிற்சியும் உபகரணமும் சேர்ந்திருந்தால்?

ஒவ்வொன்றையும் எடுத்து, உரிமம் இல்லாமல் இதனால் வாங்குபவருக்குப் பயன் உண்டா, ஒப்பந்தத்துக்குள்ளும் இது தனித்து நிற்கிறதா என்று கேட்க வேண்டும். வேறு இடத்திலும் வாங்கக்கூடிய, வேறு கடையிலும் ஓடக்கூடிய உபகரணம் பொதுவாகத் தேறிவிடும். அந்த பிராண்டின் கையேட்டைச் சொல்லிக் கொடுப்பதற்கு மட்டுமே பயன்படும் பயிற்சி பெரும்பாலும் தேறாது, அது உரிமத்தோடு சேர்ந்து 120 மாதமும் பயணிக்கும். பொதுவாகக் கணக்கு வைப்பது, கடை நிர்வாகம் போன்ற எந்தத் தொழிலுக்கும் உதவும் பயிற்சியானால் பதில் மாறலாம்.

அதே 12,00,000க்குள் உபகரணமும் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். உபகரணத்தைத் தனியாக விற்றால் விலை 3,00,000. ராயல்ட்டி போக, உரிமத்துக்கு மட்டும் தனியாக வாங்கும் நுழைவுத் தொகை 12,00,000. தனி விலைகளின் கூட்டு 15,00,000, வாங்கியது 12,00,000. தள்ளுபடியை இரண்டுக்கும் விகிதப்படி பிரித்தால் உபகரணத்துக்கு 2,40,000, உரிமத்துக்கு 9,60,000. உபகரணம் ஒப்படைக்கப்பட்டு அதன் கட்டுப்பாடு எடுத்தவர் கைக்குப் போன நாளில் 2,40,000 ஒரே தடவையில் வருமானம். மீதி மாதம் 8,000 வீதம்.

விலைப்பட்டியலில் எழுதிய தொகையையே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உபகரணத்துக்கு 6,00,000 என்று பில் போட்டு உரிமத்தைக் குறைத்துக் காட்டினால் வருமானம் முன்னதாக வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் தனி விலையை ஆதாரத்தோடு வைத்திருக்க வேண்டும்.

ஃபிரான்சைஸ் எடுத்தவருக்கு இந்த 12,00,000 செலவா, சொத்தா?

சொத்து. கையில் பிடிக்க முடியாவிட்டாலும் ஒப்பந்தத்தால் கிடைத்த உரிமை, 10 ஆண்டு பலன் தரும். ஐஏஎஸ் 38 இதை அருவச் சொத்து என்கிறது. ஜனவரி 1 அன்று ஃபிரான்சைஸ் உரிமை கணக்கில் 12,00,000 பற்று, வங்கியில் வரவு. பயன்பாட்டுக்குத் தயாராகும்போது தேய்மானம் தொடங்கும். நமது ஒப்பந்தத்தில் உரிமமே ஜூலை 1இல் தொடங்குவதால் அன்றிலிருந்து மாதம் 10,000. ஆண்டிறுதியில் சொத்தின் மதிப்பு 11,40,000.

ஆனால் கடை திறக்க ஆகும் மற்றச் செலவுகளை இந்தச் சொத்தோடு சேர்க்கக் கூடாது. புதியவர்கள் மிக அதிகம் தவறுவது இங்கேதான். ஊழியர் பயிற்சி, திறப்பு விழா விளம்பரம், திறப்பதற்கு முந்தைய சம்பளம் எல்லாம் நடந்த மாதத்திலேயே லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். திறப்புச் செலவு என்று ஒரு தலைப்பு வைத்து எல்லாவற்றையும் அதில் கொட்டி, பத்தாண்டுக்குப் பரப்புவதை ஐஏஎஸ் 38 அனுமதிப்பதில்லை. உள் அலங்காரமும் இயந்திரங்களும் வேறு, அவை நிலையான சொத்துகள், அவற்றின் ஆயுள்படி தனியாகத் தேயும்.

தேய்மானக் காலம் ஒப்பந்தக் காலத்தைத் தாண்டக் கூடாது. புதுப்பிக்கும் உரிமை எடுத்தவரிடம் இருந்து, பெரிய செலவில்லாமல் புதுப்பிக்க முடியும் என்பதற்குச் சான்றும் இருந்தால் மட்டுமே அந்தக் காலத்தைச் சேர்க்கலாம். புதுப்பிக்கும்போது கணிசமான கட்டணம் உண்டென்றால் 10 ஆண்டோடு நிறுத்துங்கள்.

ஒருவர் புத்தகத்தில் பொறுப்பு 11,40,000, மற்றவர் புத்தகத்தில் சொத்து 11,40,000. இரண்டும் எப்போதும் சமமாக இருக்க வேண்டுமா?

எளிய ஒப்பந்தத்தில் சமமாக வரும், ஆனால் அப்படி ஒரு விதி இல்லை. இருவரும் வெவ்வேறு தரநிலையைப் பின்பற்றுகிறார்கள், கேட்கும் கேள்வியும் வேறு. பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உரிமத்திலிருந்து தனித்து நிற்கவில்லை என்று பிராண்டு நிறுவனம் அதன் பங்கையும் 120 மாதத்துக்குப் பரப்பும். எடுத்தவரோ பயிற்சிச் செலவைச் சொத்தாக வைத்திருக்க முடியாது, பயிற்சி நடந்தபோதே செலவெழுத வேண்டும். அதேபோல் கடை நஷ்டத்தில் ஓடினால் எடுத்தவர் சொத்தின் மதிப்பைக் குறைக்க நேரிடும், பிராண்டு நிறுவனத்தின் பொறுப்பு அதனால் மாறாது. எதிர்த்தரப்பின் மீதியைக் கேட்டு வாங்கி அதற்கேற்ப உங்கள் புத்தகத்தைத் திருத்தாதீர்கள். ஒத்துப் பார்க்க வேண்டியது செலுத்திய, பாக்கியுள்ள தொகைகளை மட்டுமே.

டிசம்பர் விற்பனைக்கான ராயல்ட்டி ஜனவரி 15 அன்றுதான் வருகிறது. எந்த ஆண்டில் எழுதுவது?

டிசம்பரில், இரு தரப்புமே. டிசம்பர் விற்பனை 8,00,000 என்றால் 5% ராயல்ட்டி 40,000.

பிராண்டு நிறுவனம், டிசம்பர் 31: பெற வேண்டிய ராயல்ட்டி பற்று 40,000, ராயல்ட்டி வருமானம் வரவு 40,000.
எடுத்தவர், டிசம்பர் 31: ராயல்ட்டிச் செலவு பற்று 40,000, செலுத்த வேண்டிய ராயல்ட்டி வரவு 40,000.

ஜனவரி 15 அன்று இந்தப் பாக்கி தீரும், வருமானமோ செலவோ எதுவும் நகராது.

ராயல்ட்டிக்கு ஐஎஃப்ஆர்எஸ் 15இல் ஒரு தனி விதி உண்டு. மாறும் தொகைகளை முன்கூட்டியே மதிப்பிட்டு வருமானத்தில் சேர்ப்பதுதான் அந்தத் தரநிலையின் பொது வழி. அறிவுசார் சொத்தின் உரிமத்துக்கு விற்பனை அடிப்படையில் வாங்கும் ராயல்ட்டிக்கு அது பொருந்தாது. விற்பனை நடந்த பிறகே வருமானம், அதுவும் அந்த உரிமக் கடமை நிறைவேறியிருக்கும் அளவுக்கே. எனவே அடுத்த ஆண்டு இந்தக் கடை எவ்வளவு விற்கும் என்று கணித்து ராயல்ட்டியை இப்போதே எழுத முடியாது. அதேபோல் நடந்துவிட்ட விற்பனைக்கான ராயல்ட்டியைத் தள்ளிப் போடவும் முடியாது.

பணம் வந்த தேதியில் எழுதும் அலுவலகங்களில் முதல் ஆண்டில் ஒரு அறிகுறி தெரியும். ஜூலையில் திறந்த கடைக்கு டிசம்பர் வரை 6 மாத விற்பனை இருக்கும், ராயல்ட்டியோ 5 மாதத்துக்குத்தான் இருக்கும். ஆண்டு ராயல்ட்டியை ஆண்டு விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 5%க்குக் கீழே வந்தால் கடைசி மாதம் விடுபட்டிருக்கிறது.

கடைக்காரர் விற்பனை அறிக்கையை அனுப்பவே இல்லை. அப்போதும் எழுத வேண்டுமா?

வேண்டும். விற்பனை நடந்தாயிற்று, தகவல்தான் வரவில்லை. பில்லிங் கணினியின் தரவு பிராண்டு நிறுவனத்துக்கு நேரடியாக வருமானால் அதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முந்தைய மாதங்கள், அதே பருவத்தில் மற்றக் கடைகளின் போக்கு ஆகியவற்றை வைத்து மதிப்பிடலாம். இது முந்தைய கேள்வியில் தடுக்கப்பட்ட கணிப்பு அல்ல. அங்கே நடக்காத விற்பனை, இங்கே நடந்து முடிந்த விற்பனை.

டிசம்பருக்கு 7,60,000 என்று மதிப்பிட்டு 38,000 எழுதினீர்கள், ஜனவரி 10 அன்று 8,00,000 என்று அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கணக்கு இன்னும் ஒப்புதல் பெறாத நிலையில், கூடுதல் 2,000ஐ டிசம்பரிலேயே சேர்க்க வேண்டும். டிசம்பர் 31 அன்றே இருந்த உண்மையைத்தான் அந்த அறிக்கை காட்டுகிறது.

5% எந்த விற்பனையின் மேல்?

ஒப்பந்தம் வரையறுத்த விற்பனையின் மேல். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரி அதில் சேருமா, திரும்பி வந்த பொருள் கழியுமா, தள்ளுபடி கூப்பனின் பாரம் யாருக்கு, டெலிவரி செயலி பிடித்துக்கொள்ளும் கமிஷனுக்கு முன்பா பின்பா என்பது எல்லாம் அந்த வரையறையில் இருக்க வேண்டும். தகராறுகளில் பெரும்பகுதி கடைசி விஷயத்தில்தான். செயலி 1,00,000க்கு விற்று 20,000 பிடித்துக்கொண்டு 80,000 அனுப்பினால், வங்கிக் கணக்கைப் பார்த்து எழுதுபவர் ராயல்ட்டி 4,000 என்பார். மொத்த விற்பனை என்று ஒப்பந்தம் சொன்னால் அது 5,000.

குறைந்தபட்ச ராயல்ட்டி இருந்தால் என்ன ஆகும்?

மாத வாரியான குறைந்தபட்சம் எளிது. மாதத்துக்கு 30,000 அல்லது 5%, எது அதிகமோ அது என்றால், அந்த மாதத்தின் அதிகத் தொகையை எழுதிவிடலாம்.

ஆண்டு வாரியான குறைந்தபட்சத்தில் கவனம் தேவை. ஆண்டுக்கு 4,20,000 உறுதி என்று வைத்துக்கொள்வோம். கடை மாதம் 30,000 ராயல்ட்டி அளவுக்குத்தான் விற்கிறது, ஆண்டு முழுவதும் 3,60,000 தேறும். குறையும் 60,000ஐ டிசம்பரில் மொத்தமாக எழுதுபவர்கள் உண்டு. ஆனால் 4,20,000 விற்பனையைச் சார்ந்ததே அல்ல, நிலையான தொகை. விற்பனை அதைத் தொடாது என்று தெரியும்போது பிராண்டு நிறுவனம் உரிமக் காலத்தின் மேல் சமமாக, மாதம் 35,000 எழுதுவதே பொருளுக்குப் பொருந்தும். விற்பனை நிச்சயம் தாண்டிவிடும் என்ற கடையில் விற்பனைப்படியே எழுதலாம். எடுத்தவரும் ஆண்டிறுதி பில்லுக்காகக் காத்திருக்காமல் குறையை மாதாமாதம் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பதினொரு மாதம் லாபம் காட்டிய கடை பன்னிரண்டாம் மாதத்தில் திடீரென்று நஷ்டம் காட்டும்.

இடையில் கடையை மூடிவிட்டால் மீதிக் கட்டணம் என்னவாகும்?

36 மாதம் ஓடிய பிறகு ஒப்பந்தம் முறிகிறது என்போம். பிராண்டு நிறுவனம் 3,60,000 வருமானம் எடுத்திருக்கும், 8,40,000 பொறுப்பில் இருக்கும். திருப்பித் தர வேண்டாம், இனிச் செய்யவும் எதுவும் இல்லை என்றால் அந்த 8,40,000 முறிந்த தேதியில் வருமானமாகும். கதவடைத்த தேதி போதாது. கடை மூடியிருந்தும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கலாம், வேறு இடத்தில் திறக்கும் உரிமை இருக்கலாம்.

இதை ராயல்ட்டியோடு கலந்து காட்டக் கூடாது. கடைகள் மூடப்படும் ஆண்டில் வருமானம் உயர்ந்ததுபோல் தெரியும், படிப்பவர் வளர்ச்சி என்று நினைத்துவிடுவார். தனி வரியில் காட்டுங்கள்.

எடுத்தவர் மீதமுள்ள 8,40,000ஐ நட்டமாக எழுத வேண்டும். பெரும்பாலும் அதுகூடத் தாமதம்தான். தொடர்ந்து நஷ்டம் வந்து, மூடும் முடிவு பேச்சில் இருந்தபோதே மதிப்புக் குறைவுச் சோதனை செய்திருக்க வேண்டும்.

புதுப்பித்தல் கட்டணத்தை ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட்டோம். பழைய காலத்திலேயே எழுதலாமா?

கூடாது. புதுப்பித்த காலம் தொடங்கும் வரை பிராண்டு நிறுவனத்துக்கு அது பொறுப்பு, எடுத்தவருக்கு இன்னும் தேயத் தொடங்காத சொத்து. புதுக் காலத்தின் முதல் மாதத்திலிருந்து, அந்தக் காலத்துக்கு மட்டும் பரப்ப வேண்டும்.

பிராண்டு நிறுவனம் இந்தக் கடையைக் கொண்டு வந்த முகவருக்குக் கமிஷன் கொடுத்தது. அது எப்போது செலவு?

ஒப்பந்தம் கிடைத்ததால் மட்டுமே கொடுத்த கமிஷன் என்றால், ஒப்பந்தத்தின் வருமானத்தால் அதை ஈடுகட்ட முடியும் என்று இருக்கும்வரை அதுவும் சொத்து. 1,20,000 கொடுத்திருந்தால் ஜூலையிலிருந்து மாதம் 1,000 செலவு. ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆகியிருக்கக்கூடிய பயணச் செலவு, விற்பனைப் பிரிவின் மாதச் சம்பளம் ஆகியவற்றை இதோடு சேர்க்க முடியாது. கடை 36ஆம் மாதத்தில் முறிந்தால், 8,40,000 வருமானமாகும் அதே நாளில் இதில் மீதமுள்ள 84,000 செலவாக வேண்டும்.